செயினா, ஃப்ரீவீலா? மிதிக்கும்போது நழுவும் சைக்கிளில் எதை மாற்றுவது

சைக்கிள் கடையில் போய் "செயின் ஸ்லிப் ஆகுது" என்று சொன்னால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். ஒரு கண்ணி எடுத்துவிடலாம், செயினை மாற்றிவிடலாம், செயினும் ஃப்ரீவீலும் சேர்த்தே மாற்றிவிடலாம். மூன்றுக்கும் செலவு வேறு, மூன்றும் சில சைக்கிள்களுக்குச் சரி, சிலவற்றுக்குத் தவறு. எந்த சைக்கிளுக்கு எது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 30 செ.மீ.யைவிட நீளமான ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு பழைய துணி, நல்ல வெளிச்சம், பத்து நிமிடம் போதும்.

கியர் இல்லாத சாதாரண சைக்கிளை வைத்தே பேசுகிறேன்: முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல், சுற்றி 112 என்று பெட்டியில் போட்டிருக்கும் செயின். நம் ஊர்களில் பால், பேப்பர், டீ, கீரை எல்லாம் சுமந்து ஓடுவது இந்த வகைதான். கியர் சைக்கிளுக்கு எது மாறும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், நழுவுவது செயினா பல்லா என்று ஆராய்வதற்கு முன்னால், இரண்டுமே இல்லாமல் இருக்கலாம் என்பதைப் பார்த்துவிட வேண்டும். இதைத் தவறவிட்டுப் புது செயின் வாங்கி மாட்டி, அப்புறமும் நழுவுகிறதே என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்கள் உண்டு.

செயின் தொய்ந்திருந்தால், எவ்வளவு புதிய பல்லாக இருந்தாலும் தாவும். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். மொத்தமாக அரை அங்குலம் அளவுக்கு அசைந்தால் சரி. அதைவிட நிறைய ஆடினால் முதலில் பின் சக்கரத்தை இழுத்து இறுக்கிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்தது துருப்பிடித்து மடங்காமல் நிற்கும் கண்ணி. இதைக் கண்டுபிடிக்கத் தாளம்தான் வழி. 112 அளவுள்ள செயின் 44 பல் சக்கரத்தில் ஒரு முழுச் சுற்று வர, பெடல் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும். ஆகவே இரண்டரை மிதிக்கு ஒருமுறை சீராக "டக்" என்று விழுந்தால், செயினில் எங்கோ ஒரே ஒரு இடம் கோளாறு. பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே ஃப்ரீவீலைவிட்டு வெளியே வரும் செயினைப் பார்த்தால், மடங்காத கண்ணி சின்னதாகக் கூன் போட்டுக்கொண்டு வரும். எண்ணெய் விட்டுப் பக்கவாட்டில் மெதுவாக வளைத்து அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். மாறாக, ஒவ்வொரு சுற்றிலும் பெடல் அதே இடத்துக்கு வரும்போது மட்டும் தாவினால், முன் செயின் வீலில் வளைந்த பல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது கொஞ்சம் ஏமாற்றும். ஃப்ரீவீலுக்கு உள்ளே, முன்னோக்கி மிதிக்கும்போது மட்டும் பிடித்துக்கொள்ளும் சின்ன நாக்குகள் இருக்கின்றன. அவை தேய்ந்தாலோ, கெட்டியான பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டாலோ பெடல் திடீரென்று வெறுமனே இறங்கும். மிதிப்பவருக்கு அது செயின் நழுவியதுபோலவே இருக்கும். பிரித்தறிய, முன் சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றபடி ஒரு காலால் பெடலை அழுத்துங்கள். இன்னொருவர் ஃப்ரீவீலைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். செயின் பல்லின்மேல் ஏறித் தாவினால் நம் கதைக்குள் வருகிறது. செயினும் பல்லும் ஒன்றாகச் சுற்றி, சக்கரம் மட்டும் அப்படியே நின்றால், கோளாறு ஃப்ரீவீலின் வயிற்றுக்குள் இருக்கிறது. செயினை அளந்து பயனில்லை. பார்க்கிறவர் கை விரலைச் செயினுக்கும் பல்லுக்கும் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. அந்த இடத்தில் விரல் மாட்டினால் நகத்தோடு நிற்காது.

செயினை அளப்பது

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். தகடுகள் ரப்பர்போல இழுபட்டு நீள்வதில்லை. இன்றைய செயினின் அடிப்படை அமைப்பு 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருவாக்கியது: ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் சுழலும் ரோலர். செயின் பல்லில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் பின் புஷ்ஷுக்குள் கொஞ்சம் திரும்புகிறது. உள்ளே புழுதி கலந்த எண்ணெய் இருந்தால் அது உப்புக் காகிதம்போல அராவுகிறது. ஒரு மூட்டில் தேய்வது கண்ணுக்குத் தெரியாத அளவு. 112 மூட்டில் சேர்ந்தால் கையில் எடுத்துப் பார்க்கும் அளவு. (மெக்கானிக் ஷெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது என்று பைக்கிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலைச் செயினுக்கு ஊற்றுவது நம் பழக்கம். அதற்குள் ஏற்கெனவே இரும்புத் தூளும் கரியும் மிதக்கின்றன. தையல் மெஷின் எண்ணெய் அதைவிட நூறு மடங்கு மேல்.)

அளக்கும் முறை எளிது. ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை புது செயினில் சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எனவே ஒரு பின்னின் நடுவில் தொடங்கி 24 மூட்டுகள் எண்ணினால் 12 அங்குலம், 304.8 மி.மீ. வர வேண்டும். செயினைச் சைக்கிளிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. ஆனால் அளக்கும் பகுதி இறுகி நிற்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை லேசாக அழுத்தினால் மேல்பக்கம் விறைப்பாகும், அங்கே ஸ்கேலை வையுங்கள். துணியால் பின்களைத் துடைத்துவிட்டால் நடுப்புள்ளி தெளிவாகத் தெரியும். ஸ்கேலின் பூஜ்யக் கோட்டை நடுவில் வைப்பது சிரமமாக இருந்தால், பின்னின் இடது விளிம்பிலிருந்து இன்னொரு பின்னின் இடது விளிம்புக்கு அளந்தாலும் அதே விடைதான். இஞ்ச் டேப் வைத்து அளப்பவர்கள் முனையில் ஆடும் கொக்கியை நம்பாமல் 1 அங்குலக் கோட்டிலிருந்து 13 வரை அளக்க வேண்டும்.

306 மி.மீ.க்குள் இருந்தால் செயின் நல்ல நிலை. 307, அதாவது முக்கால் சதவீத நீட்சியைத் தொட்டால் புது செயினுக்குப் பணம் எடுத்து வைக்கலாம். 308ஐத் தொட்டால் ஒரு சதவீதம். கியர் இல்லாத சைக்கிளுக்கு அதுதான் எல்லை. அதற்கு மேல் ஓட்டினால் செயின் தான் தேய்வதோடு நிற்காமல் பல்லையும் தன் கூடவே அழித்துக்கொண்டு போகும்.

ஸ்கேல் இல்லாத இடத்தில் செய்யும் குறுக்குவழி ஒன்று உண்டு: செயின் வீலின் முன்விளிம்பில் செயினைப் பிடித்து முன்னோக்கி இழுப்பது. பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் தேய்ந்துவிட்டது என்பார்கள். மோசமான செயினை இது சட்டென்று காட்டிக்கொடுக்கும். ஆனால் செயின் வீலின் பல் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி தூக்கும். ஆகவே எது தேய்ந்தது என்று பிரித்துச் சொல்ல இந்தச் சோதனைக்குத் தெரியாது. அதற்கு ஸ்கேல்தான் வேண்டும், ஏனென்றால் ஸ்கேல் செயினை மட்டும் அளக்கிறது.

பல்லைப் பார்ப்பது

பல்லுக்கு அப்படி ஒரு நேரடி அளவு இல்லை. வடிவத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதனால்தான் இதில் குழப்பமும் அதிகம்.

ஃப்ரீவீலில் செயின் பல்லை முன்னோக்கி இழுக்கிறது. மேலே நிற்கும் ஒரு பல்லை எடுத்துக்கொண்டால், ரோலர் அதன் பின்புறமாக உட்கார்ந்து முன்னே தள்ளுகிறது. எனவே தேய்வது அந்தப் பின்புற முகம். புதுப் பல்லில் இரண்டு முகமும் ஒரே சாய்வில் இருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் பள்ளம் அரைவட்டமாக இருக்கும். தேயத் தேய அந்தப் பள்ளம் ஒருபக்கமாகக் குடைந்து நீள்கிறது, பல்லின் நுனி குடைந்த பக்கமாகக் கவிழ்ந்து கொக்கிபோல ஆகிறது. முன் செயின் வீலில் பல் செயினை இழுப்பதால் தேயும் முகம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். இது தெரியாமல் முன்னையும் பின்னையும் ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு, "முன்னால் ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவுகட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொக்கி முழுதாகத் தெரியும் அளவுக்குத் தேய்ந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. சிக்கல் நடுநிலையில்: பல் பார்க்கப் பரவாயில்லைபோலத்தான் இருக்கும், புது செயின் மாட்டினால் தாவும். அதற்கு ஒரு நல்ல சோதனை, புது செயினில் வெட்டி எடுத்த ஒரு துண்டு. எல்லாக் கடையிலும் டப்பாவில் கிடக்கும், கேட்டால் தருவார்கள். ஒரு சாண் நீளத் துண்டை ஃப்ரீவீல் பல்லின்மேல் பதித்து இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்து, முன்னும் பின்னுமாக அசையுங்கள். நல்ல பல்லில் ரோலர்கள் எல்லாம் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து அசையாமல் நிற்கும். தேய்ந்த பல்லில் துண்டு முன்னும் பின்னும் நகரும், அல்லது ஒரு முனையில் ரோலர் அடிவரை இறங்காமல் பல்லின் சரிவிலேயே தங்கும். பழைய செயினை வைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. இரண்டும் சேர்ந்து தேய்ந்திருக்கும். ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தி நம்மை ஏமாற்றிவிடும்.

இந்தப் பொருத்தம்தான் விஷயத்தின் முடிச்சு. நீண்ட செயினும் குடைந்த பல்லும் சேர்ந்து வாழப் பழகியவை. செயினின் மூட்டு இடைவெளி கூடும்போது அது பல்லில் கொஞ்சம் மேலேறி உட்காருகிறது, அந்த உயரத்துக்கு ஏற்பப் பல் குடைகிறது. அதனால் இரண்டும் பாழான நிலையிலும் சைக்கிள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். இதற்குள் புது செயினைக் கொண்டுவந்து மாட்டினால் அதன் அரை அங்குல இடைவெளி அந்தக் குடைந்த பள்ளங்களோடு ஒத்துப்போகாது. ஒன்றிரண்டு பல் மட்டும் முழுப் பாரத்தையும் தாங்கும். அடுத்து வரும் ரோலர் பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய நேரத்தில் கொக்கியின் நுனியில் தட்டி மேலே உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் எழுந்து நின்று மிதித்தால் தாவித்தான் ஆக வேண்டும்.

ஆகவே கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எப்போதிலிருந்து நழுவுகிறது என்பது. புது செயின் போட்ட அன்றிலிருந்து என்றால், குற்றவாளி பெரும்பாலும் பல். செயின் போலியோ என்று சந்தேகப்படுவதற்கு முன்னால் ஃப்ரீவீலைப் பார்க்க வேண்டும். பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்தது என்றால் இரண்டும் சேர்ந்து போயிருக்கும், அல்லது வெறும் தொய்வு.

எதைத் தேர்வது

இப்போது அந்த மூன்று பதில்களுக்கு வரலாம்.

கண்ணி எடுப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடப்பது. செலவு ஏறக்குறைய இல்லை, ஐந்து நிமிட வேலை, தொய்வு உடனே போய்விடும். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடையில் ஒரு கண்ணி என்று எடுப்பது உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்த ஜோடி. நீளம் ஒரு அங்குலம், 25.4 மி.மீ. புது செயினின் மொத்த நீளம் 1422 மி.மீ. அதில் ஒரு சதவீதம் நீண்டால் 14 மி.மீ. கூடும், செயின் போய்த் திரும்பி வருவதால் அதை இறுக்கப் பின் சக்கரம் 7 மி.மீ. மட்டும் பின்னே நகர்ந்தால் போதும். ஒரு முழுக் கண்ணியை எடுத்துவிட்டு ஆக்ஸில் பழைய இடத்துக்கே வர வேண்டுமானால் செயின் 25 மி.மீ. நீண்டிருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 1.8 சதவீதம். ஸ்கேலில் அது 310 மி.மீ. கண்ணி எடுக்க இடம் கொடுக்கும் செயின், மாற்ற வேண்டிய எல்லையை எப்போதோ தாண்டிய செயின்.

கண்ணி எடுப்பதால் மொத்த நீளம் குறைகிறது. மூட்டுக்கு மூட்டு இடைவெளி ஒரு நூல்கூடக் குறைவதில்லை. பல்லை அரிப்பது அந்த இடைவெளிதான். எனவே தொய்வினால் மட்டும் நழுவிய சைக்கிளில் இது கொஞ்ச நாள் கைகொடுக்கும், தேய்மானத்தால் நழுவிய சைக்கிளில் கைகொடுக்காது. ஊருக்குப் போகும் வழியில், கடையில் சரக்கு இல்லாத நேரத்தில், கண்ணி எடுப்பதை நானே கேட்டு வாங்குவேன். பழுது சரியானதாக அதை எண்ணிக்கொள்ள மாட்டேன்.

செயின் மட்டும் மாற்றுவது சரியாக அமையும் காலம் குறுகியது: 307க்கும் 308க்கும் நடுவில், ஃப்ரீவீல் பள்ளங்கள் இன்னும் வட்டமாக இருக்கும்போது. அப்போது மாற்றினால் அதே ஃப்ரீவீல் இன்னொரு செயினைத் தாங்கும். 308ஐத் தாண்டி 309க்கு வந்துவிட்டால் அது சூதாட்டம்தான். துண்டுச் செயினை வைத்துப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். தெரிந்த கடையாக இருந்தால், புது செயினை மாட்டி ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தாவினால் ஃப்ரீவீலையும் மாற்றிக்கொள்கிறேன் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். ஓட்டிப் பார்க்கும்போது சீட்டில் உட்கார்ந்தபடியே பாரத்தைக் கூட்டுங்கள். எழுந்து நின்று மிதிக்கையில் தாவினால் ஆள் நேராக முன்பாரில்தான் விழுவார்.

ஃப்ரீவீலை மட்டும் மாற்றிப் பழைய செயினை வைத்துக்கொள்வது ஒரே ஒரு நிலைமையில் நியாயம்: செயின் புதியது, அளவில் சரியாக இருக்கிறது, பல்தான் பழசு. மற்றபடி 310 மி.மீ. செயினைப் புதுப் பல்லில் போட்டால் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. நீண்ட செயினில் பாரம் ஒன்றிரண்டு பல்லிலேயே விழுவதால் அது புதுப் பல்லையும் தன் அளவுக்கு வேகமாகக் குடைந்துவிடும். ஃப்ரீவீலுக்குக் கொடுத்த பணம் வீண்.

இரண்டையும் சேர்த்து மாற்றுவதைச் சாதாரண சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஏதோ கடைக்காரர் தலையில் கட்டும் வேலை என்று நினைக்கிறார்கள். கியர் இல்லாத சைக்கிளில் செயினும் ஃப்ரீவீலும் இரண்டுமே மலிவான சாமான்கள். ஃப்ரீவீலைக் கழற்றச் சக்கரத்தை இறக்கி, ரிமூவரை வைஸில் பிடித்துத் திருப்ப வேண்டும். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து இறுகிய மரை சுலபத்தில் விடாது. கூலியின் பெரும்பங்கு இந்தக் கழற்றலுக்குத்தான். அந்த வேலையை ஒருமுறை செய்யும்போதே இரண்டையும் முடித்துக்கொள்வது கணக்குக்குச் சரியாக வரும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: ஒன்றையும் மாற்றாமல் ஓட்டுவது. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மெதுவாகப் போய்வரும் பழைய சைக்கிள், தொய்வை இறுக்கியதும் நழுவவில்லை என்றால், எண்ணெய் விட்டு அப்படியே ஓட்டலாம். ஜோடியாகத் தேய்ந்தவை ஜோடியாகவே சாகட்டும். சுமை ஏற்றுபவர்களுக்கும், பின்னால் பிள்ளையை உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் போகிறவர்களுக்கும் இந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன். நட்டநடு ரோட்டில், சிக்னல் விழுந்து முதல் மிதி மிதிக்கும்போதுதான் அது தாவும்.

ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் கேரியரில் டீ கேன் கட்டிக்கொண்டு விற்கும் ஓர் அண்ணனுடையது. ரயில்வே மேம்பாலம் ஏறும்போது மட்டும் தாவுகிறது என்றார். ஏற்கெனவே ஒரு கண்ணி எடுத்திருந்தார். அதன்பின் கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடி மறுபடி ஆரம்பித்திருந்தது. தொய்வு சரியான அளவில்தான் இருந்தது, ஆக்ஸிலும் பின்னே நகர இடம் வைத்துக்கொண்டு ஸ்லாட்டின் நடுவில் நின்றது. கண்ணி எடுத்ததை அறியாதவர் அந்த ஆக்ஸிலைப் பார்த்துச் செயின் புதிது என்றே சொல்லியிருப்பார். ஸ்கேல் வைத்தால் 311 மி.மீ., இரண்டு சதவீதம்.

ஒரு கடையில் செயின் மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே வந்து நின்றார்.

"தம்பி, முன்னாடி பாலத்துல மட்டும்தான் தாவுச்சு. இப்போ சமரோட்டுலயும் கேனோட கிளம்புறப்ப தாவுது. பழைய செயினே தேவலாம்போல!"

அவர் சொன்னது உண்மைதான். பழைய செயின் அந்தப் பல்லோடு ஒத்துப்போயிருந்தது, புதுசு ஒத்துப்போகவில்லை. புது செயினை அளந்தால் 12 அங்குலம் பிசகாமல் இருந்தது. அதைக் குறை சொல்ல வழியில்லை. ஃப்ரீவீலைத் துடைத்துப் பார்த்தபோது 18 பல்லும் ஒரே பக்கம் சரிந்திருந்தன, ஒன்றிரண்டில் குடைவின் ஓரத்தில் மெல்லிய பிசிர்கூட எழும்பியிருந்தது. செயின் துண்டை அதில் வைத்து இழுத்தால் கையிலேயே முன்னும் பின்னும் நகர்ந்தது. முன் செயின் வீலின் பல்லில் முன்பக்க முகம் பளபளத்தது, ஆனால் பள்ளம் வட்டமாகவே இருந்தது. 44 பல் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் முறை குறைவு. பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் 18 பல் ஃப்ரீவீல் இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றிவிடுகிறது. சின்ன சக்கரம் முதலில் போவது இதனால்தான்.

முடிவு: ஃப்ரீவீல் புதிது, அப்போதுதான் போட்ட செயின் அப்படியே, செயின் வீல் பழையதே. அதன்பின் பாலத்தில் தாவவில்லை. செயின் மாற்றிய கடையிலேயே ஃப்ரீவீலையும் துடைத்துப் பார்த்திருந்தால் ஒரு கூலி மிச்சமாகியிருக்கும். இரண்டு சதவீதம் நீண்ட செயின் கழன்று வரும்போது, அதன் கீழிருந்த பல் நன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கியர் சைக்கிள் என்றால்

கணக்கு கொஞ்சம் கண்டிப்பாகிறது. பின்னால் 8 முதல் 10 பல்சக்கரம் உள்ள சைக்கிளில் முக்கால் சதவீதத்திலும், 11, 12 உள்ளவற்றில் அரை சதவீதத்திலும் செயினை மாற்றிவிட வேண்டும். 12 அங்குலத்துக்கு அரை சதவீதம் என்பது ஒன்றரை மி.மீ. மட்டும், ஸ்கேலில் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிவரும், அதனால் செயின் செக்கர் என்ற தகட்டு அளவுகோல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இங்கே பின்னால் அடுக்கியிருக்கும் பல்சக்கரத் தொகுதியான கேசட்டின் விலை செயினைவிடப் பல மடங்கு. செயினைச் சீக்கிரம் மாற்றி கேசட்டைக் காப்பாற்றுவதுதான் லாபம், சாதாரண சைக்கிளுக்குச் சொன்ன சேர்த்து மாற்றும் யோசனை இங்கே கடைசி வழி.

கண்டுபிடிப்பது என்னவோ இதில் சுலபம். எல்லோருக்கும் பிடித்தமான ஒன்றிரண்டு கியர்கள் இருக்கும். புது செயின் போட்டதும் அந்தக் கியர்களில் மட்டும் தாவி, அதிகம் பயன்படுத்தாத கியர்களில் ஒழுங்காக ஓடினால் பல் தேய்வு உறுதி. எல்லாக் கியரிலும் தாவினால் மடங்காத கண்ணியையோ ஹப்பின் உள்நாக்குகளையோ சந்தேகப்படுங்கள். தாவுவதற்கு முன்னால் பக்கத்துச் சக்கரத்துக்கு ஏற முயல்வதுபோல "கட கட" என்று உரசினால் அது தேய்மானமே இல்லை. கேபிள் தளர்ந்திருக்கிறது, செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் டிரெய்லியருக்குப் பக்கத்தில் இருக்கும் திருகைக் கால் சுற்று திருகிப் பாருங்கள். கேசட்டின் பற்களில் சில குட்டையாகவும் சில முறுக்கியதுபோலவும் இருக்கும். கியர் மாறுவதற்காகத் தொழிற்சாலையிலேயே அப்படி வெட்டியிருக்கிறார்கள். அதைத் தேய்வென்று எண்ணி நல்ல கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எதை மாற்றினாலும் மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. கியர் இல்லாத சைக்கிளின் செயின் அகலம் 1/8 அங்குலம், கியர் சைக்கிளின் பழைய வகைச் செயின் 3/32. அகலமான பல்லில் குறுகிய செயின் இறங்காது. ஃப்ரீவீலின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவியே ஏற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை கழற்றுபவர் சபிப்பார். செயின் லாக்கின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எங்காவது உரசிக் கழன்றுவிடும். சக்கரத்தை இறுக்கியதும் பெடலை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிக்கொண்டே செயினைத் தொட்டுப் பாருங்கள். எந்தச் செயின் வீலும் நூற்றுக்கு நூறு வட்டம் கிடையாது. ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தில் அந்த அரை அங்குல அசைவு இருக்கும்படி வைத்து நட்டை முடுக்க வேண்டும். தளரும் இடத்தில் அளந்து முடுக்கினால், இறுகும் இடத்துக்கு வரும்போது செயின் கம்பிபோல விறைத்து, புது ஃப்ரீவீலின் பேரிங்கைத் தின்ன ஆரம்பித்துவிடும்.